அடுப்புக்குப் போகாத ஆப்பு

ஆயர் ஈத்தாம் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளம் மூன்று ஆட்களை விழுங்கிவிட்டது என்ற பேச்சு, தெப்ராவுக்கு லாரியில் வந்து சேர்ந்தது. லாரிக்காரன் அதைக் கோப்பிக் கடையில் இறக்கி வைத்தான். அங்கிருந்து கருப்பாயி அதை மண்கூடையோடு சேர்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"கேட்டியாக்கா? மூணு பேரு. பலகை அடிச்ச எடத்துலதான் விழுங்கியிருக்கு. பலகை இல்லாத எடத்துல ஒரு பிடி மண்ணு விழலையாம்."

வெள்ளையம்மா தன் கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பினாள். "யாரு பாத்தது?"

"லாரிக்காரனோட மச்சான், பாத்தவன்கிட்ட கேட்டானாம்."

"அப்ப நீயும் பாக்கல, லாரிக்காரனும் பாக்கல, மச்சானும் பாக்கல."

"நல்லா கேட்ட போ! பாத்தவனைத்தான் விழுங்கிருச்சே லா!"

பின்னால் வந்த பெண்கள் சிரித்தார்கள். வெள்ளையம்மாவும் சிரித்தாள். ஆனால் கூடையை மறுபடி எடுக்கக் குனிந்தபோது அவள் கண் பள்ளத்துக்குள் போய்வந்தது. அடியில் வெற்று முதுகோடு மண் வெட்டிக்கொண்டிருந்தவன் அவள் புருஷன் வீரமுத்து.

ரப்பர் விலை மண்ணாய்ப் போன வருஷம் அது. லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த இருவரையும் ஒரே நாளில் சீட்டுக் கிழித்து வெளியே விட்டார்கள். கூட இருந்தவர்களில் பாதிப் பேர் கடலுக்கு அப்பால் சொந்த ஊருக்குக் கப்பலேறினார்கள். வெள்ளையம்மா ஏறவில்லை. "கப்பல்ல போனா பட்டினி அங்க, போகாட்டி பட்டினி இங்க. இங்கேயே இருந்தா கப்பல்ல வாந்தி எடுக்கிறது மிச்சம்," என்றாள். வீரமுத்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடியே அவள் பின்னால் தெற்கே வந்தான். தெப்ராவில் மலைத் தண்ணீரைக் குழாய் வழியாகப் பட்டணத்துக்குக் கொண்டுபோக ஒரு குத்தகைக் கம்பெனி பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. ஆண்கள் வெட்ட, பெண்கள் சுமக்க, இருவருக்கும் வேலை கிடைத்தது. சாலைக்கு அந்தப் பக்கம் அத்தாப்பு ஓலைக் கொட்டகை வரிசையில் ஓர் அறையும் கிடைத்தது.

பள்ளம் இரண்டு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அகலம், இரண்டு பேர் முதுகோடு முதுகு நின்று வெட்டுகிற அளவு. அந்த மண்ணில் ஒரு கபடம் இருந்தது. மேலே முழங்கால் ஆழத்துக்குச் செம்மண். சரளை கலந்து செங்கல் போல இறுகியிருக்கும். அதற்குக் கீழே முழுக்க ஆற்று மணல். என்றைக்கோ ஆறு திசை மாறிப் போனபோது விட்டுவிட்டுப் போனது. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் மேல் மண்ணைப் பார்த்தே நம்பினார்கள். லாபிஸில் அவர்கள் வெட்டிய வடிகால் காண்களெல்லாம் பலகையும் இல்லாமல் கட்டையும் இல்லாமல் சுவர் மாதிரி வருஷக்கணக்கில் நின்றவை.

வெள்ளையம்மா நம்பவில்லை. மணலின் கனம் அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், தோட்டத்துக் கிணற்றுக்கு மணல் அள்ளப் போன இடத்தில், மேலே தொங்கிக்கொண்டிருந்த மணல் அவள் மேல் சரிந்தது. இடுப்பு வரைக்கும்தான். கைகள் வெளியே, தலை வெளியே. பேசவும் முடிந்தது, அழவும் முடிந்தது. ஆனால் கால் பெருவிரலை அசைக்க முடியவில்லை. ஈரச் சிமெண்டை ஊற்றி இறுக்கியது போல் இருந்தது. நான்கு ஆண்கள் அவள் அக்குளில் கயிறு போட்டு இழுத்தார்கள். வந்தது அவள் இல்லை, அவள் அலறல்தான். இழுத்த இழுப்பில் இடது இடுப்பு பிசகியது. அப்புறம் கையால் தோண்டித்தான் எடுத்தார்கள். இன்றும் மழைக்கு முன்னால் அந்த இடுப்பு அவளுக்குச் சேதி சொல்லும். நடையில் ஒரு சாய்வும் தங்கிவிட்டது.

அதனால்தான் வேலைக்கு வந்த முதல் வாரமே வேலை வாங்கும் மண்டோர் ருக்னுதீனோடு சண்டை வந்தது. ருக்னுதீன் நாகூர்ப் பக்கத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை. கம்பெனி மேலிருந்து நெருக்க, அவர் கீழே நெருக்கினார், அவ்வளவுதான். வெட்டி எடுத்த மண்ணைப் பள்ளத்து விளிம்பிலேயே கொட்டச் சொன்னார்.

"ஏம்மா, குழாய் எறங்கினதும் இதே மண்ணைத்தானே திருப்பி உள்ள தள்ளணும்? எதுக்கு அம்புட்டுத் தூரம் சொமந்துட்டுப் போற?"

"பாய், குழாய் எறங்குறதுக்கு முன்னால மண்ணு எறங்கிட்டா?"

"எறங்காது, எறங்காது. பலகை அடிச்சிருக்குல்ல."

"பலகை பக்கத்து மண்ணைத் தாங்கத்தான் பாய். நாம அதுக்கு மேல ஒரு குன்றைத் தூக்கி வெச்சா, அது பாவம் என்ன பண்ணும்? உங்க தோள்ல நானும் ஏறி ஒக்காந்தா தாங்குவீங்களா?"

"அல்லாவே, பேசுற பேச்சைப் பாரு!" என்று பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் மேற்கொண்டு வாதாடவில்லை. கூடை தூக்குகிற வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் முன்னால் போகிறவள் எங்கே கொட்டுகிறாளோ, அங்கேதான் பின்னால் வருகிறவர்களும் கொட்டுவார்கள். முன்னால் போனவள் வெள்ளையம்மா. விளிம்பிலிருந்து இரண்டு மண்வெட்டிக் காம்பு நீளம் தள்ளி முளை அடித்துத் தேங்காய்க் கயிறு கட்டினாள். மண்ணெல்லாம் கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான். கல்லோ கடப்பாரையோகூட இந்தப் பக்கம் கிடக்கக் கூடாது. ஆண்கள் அந்த வெற்று இடத்துக்கு 'வெள்ளையம்மா வரப்பு' என்று பேர் வைத்துக் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களும் அதைத் தாண்டி மண் போடவில்லை.

பள்ளத்துக்குள் நடக்கிற வேலைக்குப் பொறுப்பு தச்சர் ஐயாசாமி. ஒல்லி மனிதர், வாயில் எப்போதும் ஓர் ஆணி. பக்கச் சுவரோடு பலகைகளை நெட்டாக நிறுத்துவார். அவற்றை அணைத்தபடி நீளவாட்டில் சட்டம் வைப்பார். இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே முட்டுக்கட்டை கொடுப்பார். கட்டையின் முனையில் ஆப்பு வைத்து அடித்து இறுக்குவார். ஆப்பு இறுகினால்தான் கட்டை பலகையைத் தள்ளும். பலகை மண்ணைத் தள்ளும். ஆப்பு இல்லாத கட்டை சும்மா தொங்குகிற மரம். மேல் கட்டையை மேலே நின்றே முதலில் இறுக்கிவிட்டு, அதன் காவலில்தான் அடுத்த கட்டைக்கு இறங்குவார். உருவும்போது தலைகீழ்: அடியில் மண் நிரப்ப நிரப்ப அடிக்கட்டையை எடுத்து, மேல்கட்டையைக் கடைசியில் எடுப்பார்.

ஆயர் ஈத்தாம் பேச்சைப் பற்றி வெள்ளையம்மா அவரிடமே கேட்டாள்.

"இருக்கலாம்மா," என்றார் ஆணியை எடுத்துவிட்டு. "அங்க என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா மண்ணு மோசமான எடத்துலதானே பலகை அடிக்கிறோம்? விழுந்தா அங்கதான் விழும். ஆஸ்பத்திரியில சாவு அதிகம்னு ஆஸ்பத்திரியை இடிச்சுருவாங்களா?"

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் பேச்சு அதற்குள் கொட்டகை வரிசை முழுக்கப் பரவி, கைகால் முளைத்துவிட்டது. பூமி பலி கேட்கிறது. துரைமாருக்கு அது தெரியும். பலிக்கு இடம் குறித்துத்தான் பலகை அடிக்கிறார்கள். நாலு பக்கமும் பலகை வைத்தால் அது என்ன? பெட்டி. ஆப்பு இறுகினால் பெட்டி பூட்டியாயிற்று. ஐயாசாமிக்கு 'பொட்டிக்காரர்' என்று பேர் விழுந்தது. அவர் நடந்து போனால் சிலர் எச்சில் துப்பினார்கள். அவர் ஆணியைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

ஒரு சாயங்காலம் வெள்ளையம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். விறகு ஈரம். சாமி மாடத்தில் விளக்குக்குப் பின்னால், காய்ந்த மரத்துண்டு ஒன்று தென்பட்டது. எடுத்தாள். ஒரு முனை தடித்து மறு முனை மெலிந்து, இழைத்து வழவழப்பாக இருந்தது. அதன் மேல் யாரோ மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். அடுப்பு வாய் வரை கொண்டுபோன கை அப்படியே நின்றது.

அது ஆப்பு.

"ஏங்க, இது என்ன?"

வீரமுத்து துவைத்த துண்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். திரும்பாமலே, "சாவி," என்றான்.

"என்ன சாவி?"

"பொட்டிச் சாவி புள்ள. சாவி நம்ம வீட்டுல இருக்கிற வரைக்கும் பொட்டி நம்ம மேல பூட்டாது. எல்லாருமே ஆளுக்கு ஒண்ணு எடுத்தாந்திருக்கோம். மாடத்துல வெச்சு வெளக்கு காட்டணும்."

அவள் அடுப்பை விட்டு எழுந்தாள். "எல்லாரும்னா? கட்டை எப்படி நிக்குது?"

"நிக்குது. ரப்பர் குச்சியை வெட்டிச் சொருகி மண்ணைப் பூசி வெச்சிருக்கோம். மேலருந்து பாத்தா பொட்டிக்காரருக்கே தெரியாது." அவன் பெருமையாகச் சிரித்தான். "நம்ம சுவர் அதுபாட்டுக்கு நிக்கும் புள்ள. லாபிஸ்ல நிக்கலையா?"

"லாபிஸ் மண்ணு வேற! இது மணலு! நான் மணலுக்குள்ள இருந்தவ சொல்றேன்."

"இருந்துட்டு வந்துட்டீல்ல? உனக்கு அப்ப என்ன பலகை இருந்துச்சு? ஒண்ணும் இல்ல. அதான் பொழச்ச."

நியாயத்தோடு மல்லுக்கட்டலாம், பயத்தோடு மல்லுக்கட்ட முடியாது. அது எந்தப் பிடியிலிருந்தும் நழுவிவிடும். நாளைக்கு அந்தப் பள்ளத்தில் இவன் இறங்கக் கூடாது, அல்லது ஆப்பு திரும்பி ஏற வேண்டும். ஆப்பை அடுப்பிலும் போடவில்லை, மாடத்திலும் வைக்கவில்லை, மடியில் செருகிக்கொண்டாள். அப்போதே அவள் இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. சோறு வடிக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. அவள் எழுந்து பார்த்தால் வீரமுத்துவின் பாய் சுருட்டியிருந்தது. ஆண்கள் அவளுக்கு முன்பே போய்விட்டார்கள். சாய்ந்த நடையில் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகச் சாலையைக் கடந்தாள். ஐயாசாமி அங்கே இல்லை; அடுத்த துண்டுப் பள்ளத்தில் மரம் அறுத்துக்கொண்டிருக்கிறார் என்றார்கள். "ஓடிப்போய் கூட்டிட்டு வா," என்று கருப்பாயியை அனுப்பிவிட்டுத் தன் வரப்பைப் பார்த்தாள்.

கயிற்றுக்கும் விளிம்புக்கும் நடுவில், பள்ளத்துக்கு இணையாக, நூல் பிடித்தது போல ஒரு கோடு ஓடியது. நேற்று அது இல்லை. குனிந்து விரலை வைத்தாள். விரல் நுனி உள்ளே போனது. தள்ளி நின்று கழுத்தை நீட்டிக் கீழே பார்த்தாள். அடியில் கலங்கிய தண்ணீர் தேங்கியிருந்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவே, ஓட்டை மூட்டையிலிருந்து அரிசி கொட்டுவது போல மணல் கொட்டிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், நிற்காமல். ஒரு பலகை வயிறு தள்ளியிருந்தது. அந்தப் பலகைக்குக் கீழேதான் வீரமுத்து நின்றான்.

"மேல வாங்க! எல்லாரும் ஏணிக்கு வாங்க!"

கீழே சிரிப்பு எழுந்தது. "அண்ணே, அண்ணி கூப்பிடுது. காலையிலேயே!" என்றான் ஒருவன்.

"மண்ணு வெடிச்சிருக்கு. பலகைச் சந்துல மணல் ஓடுது, கண்ணு தெரியலையா?"

"மழை பேஞ்சா ஓடாதா?" என்றான் வீரமுத்து. "கூடையை எறக்கு புள்ள, மண்ணு சேருது."

வெள்ளையம்மா கூடையை எடுத்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் அதைக் கவிழ்த்துப் போட்டு மேலே உட்கார்ந்தாள். பின்னால் வந்தவளும் கவிழ்த்து உட்கார்ந்தாள். அதற்குப் பின்னால் வந்தவளும் அப்படியே. சற்று நேரத்தில் பெண்கள் வரிசை முழுவதும் கவிழ்த்த கூடைகளின் மேல் இருந்தது. கீழே வெட்டிய மண் முழங்கால் வரை சேர்ந்தது. தூக்க ஆள் இல்லாமல் மண்வெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன.

ருக்னுதீன் குடையும் கையுமாக ஓடி வந்தார். "என்னம்மா இது, ஹர்த்தாலா? நாளைக்குக் குழாய் லாரி வருதும்மா!"

"பாய், ஒரு நிமிஷம்." அவள் மடியிலிருந்து ஆப்பை எடுத்துப் பள்ளத்துக்குள் எறிந்தாள். அது வீரமுத்துவின் காலடியில், கலங்கல் தண்ணீரில் விழுந்து மிதந்தது. மஞ்சள் கரைந்தது. "இது எங்க வீட்டு மாடத்துல இருந்துச்சு. உங்கள்ல எத்தனை பேரு வீட்டு மாடத்துல இருக்கு? சொல்லுங்க பாப்போம்."

கீழே நின்றவர்கள் காலடித் தண்ணீரைப் பார்த்தார்கள். எங்கோ ஒரு கட்டை கிறீச்சிட்டது.

கருப்பாயியோடு ஓடிவந்த ஐயாசாமிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பள்ளத்தின் குறுக்கே கிடந்த நடைப்பலகையில் மண்டியிட்டு, மேல் முட்டுக்கட்டை ஒன்றைச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். இறுகிய கட்டை 'ணங்'கென்று கேட்கும். இது 'தொப்'பென்றது. அவர் முகம் சாம்பலானது.

"ஏறுங்கடா! சாமானை விட்டுட்டு ஏறுங்கடா!"

இந்தக் குரலில் யாரும் பொட்டிக்காரரைக் கேட்கவில்லை. கீழே இருந்தவர்கள் ஏணிக்குப் பாய்ந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். வீரமுத்து கோடி முனையில் இருந்ததால் கடைசி ஆள். ஏணிக்கு இரண்டு எட்டு இருக்கும்போது, வயிறு தள்ளியிருந்த பலகை உள்ளே சாய்ந்தது. கட்டை தண்ணீரில் விழுந்தது. மண் பெரிதாகச் சத்தம் போடவில்லை. ஒரு பெருமூச்சு விட்டது போல 'ஹூ'மென்று இறங்கியது. அவ்வளவுதான். தூசி கிளம்பக்கூட மணல் ஈரமாக இருந்தது.

இடுப்புக்கு மேல் வீரமுத்து தெரிந்தான். வாய் திறந்திருந்தது. "புள்ள," என்றான்.

ஆண்கள் கத்திக்கொண்டு விளிம்புக்கு ஓடினார்கள். வெள்ளையம்மா இரண்டு கைகளையும் விரித்து வரப்பின் மேல் நின்றாள். "கிட்ட வராதே! ஒரு பயலும் கிட்ட வராதே! உங்க கனத்துல மிச்ச மண்ணும் அவரு மேல போகும்!"

"கயித்தைப் போட்டு இழுக்கலாம்க்கா!"

"இழுக்கக் கூடாது! என்னை இழுத்த லட்சணம்தான் இந்த நடை. கயிறு போடு, அக்குள்ல கட்டட்டும். சும்மா பிடிச்சிரு. இழுத்தா கையை ஒடிப்பேன்."

பெண்களைப் பிரித்து, கொட்டிய மண்மேட்டை இன்னும் பின்னால் தள்ளச் சொன்னாள். அதுவும் பள்ளத்துப் பக்கம் போகாமல், அந்தப் பக்கத்துச் சரிவிலிருந்து. ஐயாசாமி விளிம்பில் அகலப் பலகைகளைக் கிடையாகப் போட்டு அதன் மேல் தவழ்ந்து பார்த்துவிட்டு வந்தார்.

"எதிர்ப்பக்கமும் வெடிச்சிருக்கு. ரெண்டு பக்கமும் பலகை கொடுத்து முட்டுக் கட்டாம ஒரு ஆளை எறக்க முடியாது. எறக்கினா ரெண்டு பேர் ஆயிரும். பலகை வேணும்."

"அடுத்த துண்டுல இருக்குல்ல?"

"அங்கயும் ஆள் இருக்கான். அதை உருவினா அது விழும். பட்டணத்துக் கிடங்குலருந்துதான் வரணும்."

கணக்கெழுதும் கிராணி சதாசிவத்தின் ஆபீஸ் சாலையோரத்தில் இருந்தது. கம்பெனி கட்டிக்கொடுத்த புதுப் பலகை வீடு; தரையும் பலகை, சுவரும் பலகை. நடுத்தூணில் டெலிபோன் மாட்டியிருந்தது. சதாசிவம் கைப்பிடியைச் சுற்றினார். எக்ஸ்சேஞ்சில் இருந்தவரிடம் கிடங்கு நம்பரைச் சொன்னார். குழாயைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"மணி அடிக்குது," என்றார்.

வாசலில் நின்ற வெள்ளையம்மா, "அப்புறம்?" என்றாள்.

"அடிக்குது. யாரும் எடுக்கல."

பள்ளத்திலிருந்து வீரமுத்துவின் குரல் வந்தது. தண்ணீர் குளிர்கிறது என்றான். கால் தெரியவில்லை என்றான். அவளுக்கு அந்தக் குளிர் தெரியும். கால் தெரியாமல் போவதும் தெரியும். அவள் கண் சதாசிவத்தின் காலடிக்குப் போனது. தரை, கையகலக் கனமான பலகை. ஐயாசாமியும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிராணியாரே, கொஞ்சம் தூணுப் பக்கம் ஒதுங்கி நில்லுங்க," என்றாள்.

"ஏன்?"

அவள் ஐயாசாமியிடம் கடப்பாரையை வாங்கிப் பலகைச் சந்தில் செருகினாள்.

"அலமாக்! இது கம்பெனி கட்டடம்! என் வேலை போயிரும்! பாய், சொல்லுங்க பாய்!"

ருக்னுதீன் குடையைக் கீழே வைத்தார். கணநேரம் பள்ளத்துப் பக்கம் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகையின் மறு முனையைப் பிடித்தார். "கம்பெனி கேட்டா நான் பிடுங்கினேன்னு சொல்லு. நீ போனை விடாதே."

தரைப்பலகை போயிற்று, மூன்று பக்கச் சுவர்ப்பலகை போயிற்று. திண்மையான வாசற்கால் போயிற்று. மேசையின் நீளச் சட்டமும் போயிற்று. ஐயாசாமி அளந்து வாங்கினார். மேலிருந்தே இரு பக்கமும் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கினார். நடைப்பலகையில் குப்புறப் படுத்து முதல் கட்டையைக் குறுக்கே கொடுத்தார். கையை நீட்டினார்.

"ஆப்பு."

ஆப்பு இல்லை. புதிதாய்ச் செதுக்க நேரமும் இல்லை. அவர் அடித்து வைத்திருந்த ஆப்பெல்லாம் எங்கே போயிற்று என்று எல்லோருக்கும் தெரியும்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. முதலில் ஒருவன் சாலையைக் கடந்து ஓடினான். பிறகு எல்லோரும் ஓடினார்கள். கொட்டகை வரிசையில் கதவுகள் படபடத்தன. திரும்பி வந்தபோது ஒவ்வொருவன் கையிலும் ஒரு மரத்துண்டு. குங்குமம் வைத்தது, பூச் சுற்றியது, ஒன்றில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. ஐயாசாமி எண்ணெயைத் தன் வேட்டியில் துடைத்துவிட்டு ஆப்பை வைத்து அடித்தார். 'ணங்'. அடுத்தது. 'ணங்'. பலகைக்குப் பின்னால் இருந்த பொந்துகளில் கோணியில் மணலைக் கட்டி அடைத்தார். அப்புறம்தான் அடுத்த கட்டைக்கு இறங்கினார். முட்டு நின்ற இடத்துக்குக் கீழே மட்டும், முட்டின் காவலில் மட்டும்.

கீழிருந்து வீரமுத்து தலையைத் தூக்கிப் பார்த்தான். இரு பக்கமும் பலகை ஏறிக்கொண்டு வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏ புள்ள, பொட்டியைப் பூட்டறியா?"

"ஆமாங்க. பூட்டித்தான் எடுக்கணும். பேசாம மூச்சை விடுங்க."

கடைசி ஆப்பு இறுகியதும் ஐயாசாமி மேலே பார்த்துத் தலையசைத்தார். வெள்ளையம்மா ஏணியில் இறங்கினாள். கூட ஓர் ஆள் மட்டும். கருப்பாயி மேலே நின்று வெடிப்பைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். விரிந்தால் கத்த வேண்டும், அதுதான் அவள் வேலை. மண்வெட்டி இல்லை, கடப்பாரை இல்லை. கைகள், ஒரு தகரக் குவளை, ஒரு தேங்காய்ச் சிரட்டை. தொடையைச் சுற்றி அள்ளினார்கள், முழங்காலைச் சுற்றி அள்ளினார்கள். அள்ளிய இடத்தில் மணல் திரும்ப ஊறி வந்தது, மறுபடி அள்ளினார்கள். மணல் வாளியில் மேலே போனது. தண்ணீரும் வாளியில் மேலே போனது. பலகை ஒருமுறை முனகியது. ஐயாசாமி ஆப்பை இன்னும் ஓர் அடி அடித்தார். பலகை அடங்கியது.

ஒரு கால் வந்தது. இன்னொரு கால் வருவதற்குள் உச்சி வெயில் ஏறிவிட்டது. அவனை நிமிர்த்தாமல், பலகையில் படுக்கவைத்துக் கட்டி, மெல்ல மேலே ஏற்றினார்கள். கால் வீங்கியிருந்தது. ஆனால் வெள்ளையம்மா பெருவிரலைக் கிள்ளியபோது அவன் "அம்மாடி!" என்று கத்தினான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவள் முதன்முறையாக அழுதாள்.

அவனை ஏற்றிக்கொண்டு காய்கறி லாரி ஒன்று பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது. அவள் அதில் ஏறும் முன், பள்ளத்திலிருந்து ஏணியை மேலே இழுத்துத் தன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கிடத்தினாள்.

"பாய், பலகையும் ஆப்பும் புதுசா வந்து, தச்சர் ஒவ்வொரு கட்டையாத் தட்டிப் பாத்து சரின்னு சொன்னப்புறம்தான் இது எறங்கும். ஏணி இல்லாம எறங்குறவனை நான் வந்து கேட்டுக்கிறேன்."

"குழாய் லாரி..." என்று தொடங்கிய ருக்னுதீன் நிறுத்திக்கொண்டார். "சரிம்மா. நீ போ. நானே ஏணி மேல ஒக்காந்துக்கிறேன்."

ஒருவனும் சிரிக்கவில்லை. கருப்பாயி மட்டும், "ஆயர் ஈத்தாம்ல ஆப்பைத் திருடியிருப்பானுங்களோ?" என்று யாரையும் குறிப்பிடாமல் கேட்டாள்.

லாரி கிளம்பும்போது வெள்ளையம்மா சாலையோரத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஆபீஸுக்குத் தரை இல்லை, வாசல் இல்லை, மூன்று பக்கச் சுவரும் இல்லை. கூரை மட்டும் நான்கு மூலைக் கால்களிலும் நடுத்தூணிலும் நின்றது. தூணுக்கு அடியில், மிஞ்சிய ஒற்றைப் பலகை மேல் கால்களை ஒடுக்கிக்கொண்டு சதாசிவம் நின்றார். டெலிபோன் குழாய் இன்னும் அவர் காதில் இருந்தது.

"என்ன சொல்றாங்க கிராணியாரே?" என்று லாரியிலிருந்து கத்தினாள்.

அவர் ஒரு கையால் வாய்க்குழாயைப் பொத்திக்கொண்டு பதிலுக்குக் கத்தினார்:

"அடிக்குதும்மா. இன்னும் அடிச்சுக்கிட்டேதான் இருக்கு."